கழற்றவும், கழற்றுங்கள், கழற்றுக: பட்டறைக் கையேடு எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்



ஒரு கையேடு தமிழாகும்போது நாம் நெடுநேரம் மல்லுக்கட்டுவது கலைச்சொற்களோடுதான். நட்டை நட்டு என்றே விடலாமா, ஸ்பேனருக்குத் தமிழ் வேண்டாமா என்று பேசிப் பேசிப் பொழுது போய்விடும். அந்தச் சண்டையில் யார் தோற்றாலும் பெரிய சேதமில்லை. பட்டறையில் நிற்பவர் படத்தைப் பார்ப்பார், பொருளைப் பார்ப்பார், புரிந்துகொள்வார். வாக்கியத்தின் கடைசியில் வரும் வினைச்சொல்லைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. கழற்றவும், கழற்றுங்கள், கழற்றுக, கழற்ற வேண்டும், கழற்றப்பட வேண்டும் எல்லாம் ஒரே பக்கத்தில் வந்துபோகின்றன. எல்லாம் ஒன்றுதானே என்று விட்டுவிடுகிறோம். அவை ஒன்றல்ல. எதைச் செய்வது, எந்த வரிசையில் செய்வது, எதைச் செய்யவே கூடாது என்பதை நம் மொழியில் பெரும்பாலும் அந்த வினையின் வால்தான் சொல்கிறது.

ஒரே ஒரு வேலையை வைத்துப் பேசுகிறேன். பெஞ்ச் கிரைண்டரில் கல் மாற்றுவது. பிட்டர் படிக்கும் மாணவர் முதல் வருடத்திலேயே இந்த இயந்திரத்தின் முன் நின்றுவிடுவார். சின்ன லேத் பட்டறையில் இருபது வருடம் வேலை பார்த்தவரும் இதில்தான் டூலைத் தீட்டுவார். வீட்டில் கத்தியும் மண்வெட்டியும் தீட்டக் கடையில் வாங்கி வந்தவரும் உண்டு. ஒரு வேலைக்கு மூன்று வகை வாசகர்கள். 150 மில்லிமீட்டர் விட்டமுள்ள கல் நிமிடத்துக்கு 2,800 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு மணிக்கு எண்பது கிலோமீட்டருக்குச் சற்றே குறைவான வேகத்தில் ஓடும். விரிசல் விட்ட கல் அந்த வேகத்தில் உடைந்தால் துண்டு எதிரே நிற்பவர் முகத்துக்குத்தான் வரும். அதனால் இந்த ஒரு தாளில் சொல்லின் வால் தவறுவது வெறும் நடைப்பிழை ஆகாது.

கீழே இருப்பது எந்த நிறுவனத்தின் தாளும் அல்ல. நம் கையேடுகளில் அடிக்கடி கண்ணில் படும் வாக்கியங்களைப் போல நானே எழுதிச் சேர்த்தது:

1. மெயின் சுவிட்சை அணைக்கவும் கல் உடனே நிற்காது
2. பக்க மூடியைத் திறக்க நட்டுகளைக் கழற்றுக
3. வலப்பக்கக் கல்லைக் கழற்ற வேண்டாம்
4. தயவுசெய்து புதிய கல்லைத் தட்டிப் பாருங்கள்
5. கல்லில் ஒட்டியுள்ள காகித வட்டத்தைக் கழற்ற வேண்டாம்
6. கல் மாட்டப்பட்டு இடைவெளி சரிபார்க்கப்பட வேண்டும்
7. சுவிட்சைப் போட்டு ஒரு நிமிடம் ஒதுங்கி நிற்கவும்

மேலோட்டமாகப் படித்தால் குறையே தெரியாது. எழுத்துப் பிழையும் இல்லை. ஆனால் ஏழு வரியிலும் ஏதோ ஒரு கோளாறு இருக்கிறது.

முதல் வரியில் எழுதியவர் இரண்டு வாக்கியங்களை நினைத்தார். சுவிட்சை அணைக்கச் சொன்னார். அணைத்தாலும் கல் சற்று நேரம் சுழலும் என்று எச்சரித்தார். நடுவில் முற்றுப்புள்ளி விழவில்லை. தமிழில் ‘அணைக்கவும்’ என்பது கட்டளை மட்டுமல்ல. ‘மணி அடிக்கவும் வண்டி புறப்பட்டது’ என்கிறோமே, அங்கே அது ‘அடித்த உடனே’ என்ற பொருளைத் தருகிறது. ‘கழற்றவும் மாட்டவும் இந்த ஸ்பேனர்தான்’ என்றால் ‘கழற்றுவதற்கும், மாட்டுவதற்கும்’ என்ற பொருள். ஆக ‘-வும்’ என்ற வாலுக்கு மூன்று வேலை. புள்ளி விழுந்தால்தான் அது கட்டளை. புள்ளி இல்லாமல் அடுத்த சொல்லோடு சேர்ந்துவிட்டால் ‘அணைத்ததும் கல் நிற்காது’ என்ற தகவலாக மாறிவிடும். அணைக்கச் சொன்னதே காணாமல் போகும். இயந்திரத்தில் ஒட்டும் தகட்டில் இடம் குறைவு என்று புள்ளிகளை எடுத்துவிடும் வடிவமைப்பாளர்களிடம் இதைத் தனியாகச் சொல்லி வைக்க வேண்டும். ‘-வும்’ எழுதினால் புள்ளி வைத்தே ஆகவேண்டும். புள்ளி வைத்த பிறகு அடுத்த வாக்கியம் புதிய வரியில் தொடங்குவது இன்னும் நல்லது.

இரண்டாம் வரி இதைவிடப் பொல்லாதது. ‘பக்க மூடியைத் திறக்க நட்டுகளைக் கழற்றுக.’ மூடியைத் திறப்பதற்காக நட்டுகளைக் கழற்று என்கிறதா? முதலில் மூடியைத் திற, பிறகு நட்டுகளைக் கழற்று என்கிறதா? முதல் பொருளில் ‘திறக்க’ என்பது எச்சம். இரண்டாம் பொருளில் அது வியங்கோள். நம் வினைகளில் ஒரு பாதி ‘க்க’ என்று முடியும்: திறக்க, துடைக்க, எடுக்க, அளக்க. இவற்றில் எச்சத்துக்கும் வியங்கோளுக்கும் வடிவம் ஒன்றே. இன்னொரு பாதியில் இரண்டும் வேறு: கழற்ற–கழற்றுக, மாட்ட–மாட்டுக, தட்ட–தட்டுக. தேர்வுத் தாளில் ‘விடையளிக்க’ என்பதும் ‘எழுதுக’ என்பதும் அடுத்தடுத்து வந்து நமக்கு உறுத்தாமல் இருப்பது, அங்கே ஒவ்வொன்றும் தனி வாக்கியமாக நிற்பதால். பட்டறைத் தாளில் ஒரே வாக்கியத்தில் இரண்டு வினை வரும்போது வேலையின் வரிசையே தலைகீழாகிவிடுகிறது.

சந்தி பார்த்தால் தெரிந்துவிடுமே என்று இலக்கணம் படித்தவர் சொல்லலாம். உண்மைதான். எச்சமான ‘திறக்க’வுக்குப் பின் வல்லினம் மிகும், வியங்கோளுக்குப் பின் மிகாது. ‘திறக்கப் போல்ட்டை’ என்றால் திறப்பதற்காக. ‘திறக்க போல்ட்டை’ என்றால் திறக்கச் சொல்கிறது. ஆனால் அடுத்த சொல் ‘நட்டு’ என்று மெல்லினத்தில் தொடங்கினால் அந்தத் துணையும் இல்லை. வடசொல்லும் ஆங்கிலச் சொல்லும் மிகுந்த பட்டறை உரையில் யாரும் சந்தியை ஒழுங்காகப் போடுவதுமில்லை, போட்டாலும் படிப்பவர் அதை வைத்துப் பொருள் கொள்வதுமில்லை. ஒரு ‘ப்’ எடுத்துக்கொள்ளக்கூடிய பொறுப்பா இது?

இந்த இடத்தில்தான் வெறும் எச்சத்தைக் கட்டளையாக எழுதலாமே என்ற யோசனைக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜெர்மன் கையேடுகளில் வினையின் பெயர்வடிவை அப்படியே கட்டளையாக எழுதும் வழக்கம் உண்டு. இந்தியிலும் ‘கர்னா’ என்று முடியும் வடிவம் கட்டளையாகிறது. யாரையும் நீ என்றோ நீங்கள் என்றோ குறிக்காமல் வேலையை மட்டும் சொல்வதால் அது வசதியாக இருக்கிறது. அதைப் பார்த்துத் தமிழிலும் ‘கல்லைத் தட்ட’, ‘நட்டை இறுக்க’ என்று மொட்டையாக விடுகிறார்கள். தமிழ்க் காதுக்கு அது பாதி வாக்கியம். ‘நட்டை இறுக்க’ என்றால் ‘இறுக்க என்ன செய்ய?’ என்று மனம் அடுத்த சொல்லைத் தேடும். மொட்டை எச்சத்துக்குக் கையேட்டில் ஒரே ஒரு இடம் உண்டு, அது தலைப்பு. ‘கல்லை மாற்ற’ என்று தலைப்புப் போட்டுக் கீழே படிகளைத் தருவது சரியான தமிழ். படிக்குள் அது வரலாகாது. படிக்குள் நோக்கத்தைச் சொல்லியே தீரவேண்டும் என்றால் ‘திறப்பதற்கு’ என்று மூன்று எழுத்து கூடுதலாகச் செலவழியுங்கள்.

(ஆள் இல்லாத வடிவம் நம்மிடமும் இருக்கிறது. வியங்கோள் அதுதான். தொல்காப்பியம் அதைப் படர்க்கைக்கு மட்டுமே உரியதாக வைத்தது. தன்மைக்கும் முன்னிலைக்கும் அது வராது என்றது. நன்னூல் எல்லா இடத்துக்கும் பொது ஆக்கியது. ‘எழுதுக’ என்பதில் நீயும் இல்லை, நீங்களும் இல்லை. பாடநூல்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டது காரணமில்லாமல் அல்ல.)

இனி மூன்றாம் வரியையும் ஐந்தாம் வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்த மடலை எழுதத் தூண்டியதே இந்த இரண்டு வரிகள்தான். ‘வலப்பக்கக் கல்லைக் கழற்ற வேண்டாம்.’ ‘காகித வட்டத்தைக் கழற்ற வேண்டாம்.’ சொல் ஒன்று, வால் ஒன்று. பொருள் இரண்டு. மாற்றப்போவது இடப்பக்கக் கல். வலப்பக்கக் கல்லைக் கழற்றும் அவசியம் இல்லை, கழற்றினாலும் குற்றமில்லை என்பது முதல் வரி. காகித வட்டத்தின் கதை வேறு. கல்லின் இரு முகத்திலும் ஒட்டியிருக்கும் அந்தக் காகிதம் வெறும் லேபிள் இல்லை. பிளாஞ்சு கல்லை அழுத்தும்போது அழுத்தம் ஒரே புள்ளியில் குவியாமல் பரவுவதற்காக அது இருக்கிறது. அதை உரித்துவிட்டு நட்டை இறுக்கினால் கல் விரிசல் விடலாம். ஆகவே அதை உரிக்கவே கூடாது.

‘வேண்டாம்’ என்ற சொல் தேவையின்மைக்கும் தடைக்கும் ஒருசேரப் பொருந்தும். பேச்சில் குரல் அதைப் பிரித்துவிடும். ‘கழட்ட வேணாம்ப்பா’ என்று மேஸ்திரி சாதாரணமாகச் சொன்னால் தேவையில்லை. அதட்டிச் சொன்னால் தொடாதே. அச்சுக்குக் குரல் கிடையாது. அனுபவமுள்ள தொழிலாளி ‘வேண்டாம்’ என்பதைத் ‘தேவையில்லை’ என்றுதான் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார். அவருக்குத் தன் கையில் நம்பிக்கை அதிகம். ‘அவசியமில்லை என்கிறான், ஆனால் காகிதம் கிழிந்து அசிங்கமாக இருக்கிறது, எடுத்துவிட்டால் நன்றாக உட்காரும்’ என்று எடுத்துவிடுவார். புது மாணவர் நேர் எதிர். எல்லா ‘வேண்டாம்’களையும் தடை என்று எடுத்துக்கொண்டு, வலப்பக்கக் கல்லைத் தொட்டால் என்ன ஆகுமோ என்று பயந்து நிற்பார். ஒரே சொல் ஒருவரை எச்சரிக்காமல் போகிறது, இன்னொருவரைத் தேவையில்லாமல் பயமுறுத்துகிறது.

மாற்று வழி எளிது. தேவையில்லாததற்குத் ‘தேவையில்லை’. தடைக்குக் ‘கூடாது’. ‘வேண்டாம்’ என்ற சொல்லைக் கையேட்டிலிருந்து அறவே எடுத்துவிடலாம். ‘கழற்றாதீர்கள்’ என்பது தடைதான், குழப்பமும் இல்லை. ஆனால் அது கெஞ்சலுக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று எனக்குத் தோன்றும். சிலருக்கு அப்படித் தோன்றாமல் இருக்கலாம். வீட்டு உபயோகக் கையேட்டில் அதை வைத்துக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை. ஒன்றை மட்டும் ஒருபோதும் ஏற்கமாட்டேன்: எதிர்மறை வியங்கோள். ‘கழற்றற்க’ என்று எழுதினால் இலக்கணப்படி அது தடை. பட்டறையில் அவசரமாகப் படிப்பவர் கண்ணுக்கு அது ‘கழற்றுக’வுக்கு அச்சுப்பிழை. செய் என்பதற்கும் செய்யாதே என்பதற்கும் நடுவில் ஒரு றகர ஒற்று மட்டும் நிற்கும்படி எழுதுவது கொடுமை. வியங்கோளில் படிகளை எழுதுகிறவர்கள்கூடத் தடைகளைக் ‘கூடாது’ என்றே எழுதட்டும்.

‘கூடாது’விலும் ஒரு சிக்கல் இருக்கிறது, தமிழின் வாக்கிய அமைப்பு அப்படி. ‘கல் சுழலும்போது டூல் ரெஸ்ட்டை நகர்த்தக் கூடாது’ என்பதில் ‘கூடாது’ வரும்வரை அது தடை என்று தெரியாது. வரி ‘நகர்த்தக்’ என்று முடிந்து ‘கூடாது’ அடுத்த வரிக்கோ, இன்னும் மோசமாக அடுத்த பக்கத்துக்கோ போய்விட்டால் படிப்பவர் எதிரான பொருளோடு கொஞ்ச தூரம் போய்விடுவார். நான் திருத்தும் தாள்களில் தடைகளைப் படிகளுக்கு நடுவில் கலக்க விடுவதில்லை. ‘செய்யக் கூடாதவை’ என்று தலைப்பிட்டு, சம்பந்தப்பட்ட படிக்கு மேலே, தனிக் கட்டத்தில் போடச் சொல்வேன். தலைப்பைப் படித்ததும் மனம் தடைக்குத் தயாராகிவிடும். அச்சகத்தாரிடம் ‘கூடாது’வை முன்சொல்லோடு பிரியாதபடி கட்டச் சொல்லுங்கள், முடியாவிட்டால் வாக்கியத்தைக் குறுக்குங்கள்.

நான்காம் வரியில் ‘தயவுசெய்து’. மரியாதை என்று நினைத்துத்தான் போடுகிறோம். ஏழு படியில் ஒரு படிக்கு மட்டும் தயவு கேட்டால் மற்ற ஆறும் கட்டாயம், இது உங்கள் விருப்பம் என்று ஆகிவிடுகிறது. கல்லைத் தட்டிப் பார்ப்பதோ, இந்த வேலையிலேயே விடக்கூடாத படி. ஈரமில்லாத புதுக் கல்லை விரலில் தொங்கவிட்டு, ஸ்க்ரூடிரைவரின் மரக் கைப்பிடியால் விளிம்புக்கு ஓர் அங்குலம் ஒன்றரை அங்குலம் உள்ளே மெல்லத் தட்ட வேண்டும். முழுக் கல் கணீர் என்று ஒலிக்கும். விரிசல் விட்டது மந்தமாக ‘டொக்’ என்னும். கல்லைச் சற்றுத் திருப்பி மறுபடி தட்டிப் பார்ப்பார்கள். (பிசின் சேர்த்துச் செய்த கல் அவ்வளவு தெளிவாக ஒலிக்காது. அதையும் எழுதாவிட்டால் படிப்பவர் நல்ல கல்லைத் தூக்கிப் போடுவார்.) இதைப் போய் ‘தயவுசெய்து’ என்று தொடங்கலாமா? மரியாதையை வினையின் வால் சுமக்கட்டும். தயவு தேவையில்லை.

ஆறாம் வரி, ‘சரிபார்க்கப்பட வேண்டும்.’ யார் சரிபார்ப்பது? ஸ்டோரில் கல் கொடுப்பவரா, மாட்டுகிற பிட்டரா, போர்மேனா? செயப்பாட்டு வினை எழுதுகிறவருக்கு ஓர் அதிகார மிடுக்கைக் கொடுக்கும். வேலையை யார் தலையிலும் வைக்காது. ஒரு தொழிற்சாலையின் செயல்முறை ஆவணம், அதாவது தணிக்கைக்கு வருகிறவர் கேட்டுப் பார்க்கும் தாள், கட்டளை வடிவில் இருக்க வேண்டிய அவசியமில்லை. அங்கே ‘வேண்டும்’ பொருந்தும். ஆனால் ஆளோடு பொருந்தும். ‘கல்லை மாட்டும் பிட்டரே இடைவெளியை அளந்து பார்க்க வேண்டும்.’ அப்போது தப்பிக்க வழியில்லை.

இன்னொன்று. ‘வேண்டும்’ நிலையைச் சொல்ல ஏற்ற சொல். ‘-வும்’ செயலைச் சொல்ல ஏற்றது. டூல் ரெஸ்ட்டுக்கும் கல்லுக்கும் நடுவில் இடைவெளி 3 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. போனால் தீட்டும் பொருள் அந்தச் சந்துக்குள் இழுத்துக்கொள்ளப்படும். இது நிலை. ‘இடைவெளி 3 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும்.’ அதை அடையச் செய்வது செயல். ‘டூல் ரெஸ்ட்டை நகர்த்தி இறுக்கவும்.’ இந்த வேறுபாட்டை ஒருமுறை பழக்கிவிட்டால் வாசகர் ‘வேண்டும்’ கண்டதும் அளவுகோலை எடுப்பார், ‘-வும்’ கண்டதும் ஸ்பேனரை எடுப்பார். ‘இடைவெளி 3 மில்லிமீட்டர் இருக்கவும்’ என்று எழுதிய தாளும் என் மேசைக்கு வந்திருக்கிறது. இடைவெளியிடமே கட்டளை!

ஏழாம் வரியில் வால் சரி, நடு தவறு. ‘சுவிட்சைப் போட்டு ஒரு நிமிடம் ஒதுங்கி நிற்கவும்.’ புதிய கல்லை முதல்முறை ஓடவிடும்போது கல்லுக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று ஒரு நிமிடமாவது வெறுமனே ஓடவிடுவது முறை. வாக்கியமோ சுவிட்சை முதலில் போடச் சொல்கிறது. அதன்பின் ஒதுங்கச் சொல்கிறது. தமிழில் ‘போட்டு’, ‘கழற்றி’, ‘துடைத்து’ என்று எச்சங்களை அடுக்கினால் அடுக்கிய வரிசைதான் செய்யும் வரிசை. ஒதுங்கியபின் போட வேண்டுமென்றால் அப்படியே எழுத வேண்டும். ‘கல்லுக்கு நேரே நிற்காமல் ஒதுங்கி நிற்கவும். அங்கிருந்தே சுவிட்சைப் போடவும். ஒரு நிமிடம் அப்படியே ஓடவிடவும்.’ மூன்று வாக்கியம், மூன்று ‘-வும்’. சலிப்பாக இருக்கிறதா? இருக்கட்டும். சொன்ன சொல்லைத் திரும்பச் சொல்லாதே என்று கட்டுரை நோட்டில் சிவப்பு மை போட்டு நம்மைப் பழக்கிவிட்டார்கள். அந்தப் பழக்கத்தால்தான் கழற்றவும் என்று எழுதியவர் அடுத்த வரியில் அழகுக்காகக் கழற்றுக என்கிறார், அதற்கடுத்துக் கழற்ற வேண்டும் என்கிறார். படிக்கிறவர் வால் மாறியதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று நம்புகிறார். ‘வேண்டும்’ போட்ட படி மற்றவற்றைவிட முக்கியம் போலும் என்று நினைக்கிறார்.

சரி, எந்த வாசகருக்கு எந்த வால்? இங்கே என் தீர்ப்பைச் சொல்கிறேன், நீங்கள் மாறுபடலாம்.

வீட்டுக்கு வாங்கிச் சென்றவருக்கு ‘-உங்கள்’. அவர் இயந்திரத்தை முதல்முறை பார்க்கிறார். படிப்படியாகச் செய்தால் மட்டும் போதாது, ஏன் என்றும் தெரிய வேண்டும். காரணத்தோடு பேசும்போது ‘-உங்கள்’ இயல்பாக வரும். ‘-வும்’ எழுதினால் ஒவ்வொரு வாக்கியமும் ரயில் நிலைய அறிவிப்பாகிவிடும். இடப்பக்க நட்டைக் கழற்றும் படியை அவருக்கு இப்படி எழுதுவேன்:

‘இடப்பக்க நட்டு மற்ற நட்டுகளைப் போன்றதல்ல, அதன் மரை எதிர்ப்பக்கம் ஓடுகிறது. வழக்கம்போலத் திருப்பினால் இன்னும் இறுகும். நட்டுக்கு நேரே நின்று, கடிகார முள் சுற்றும் திசையில் திருப்புங்கள். அப்போது தளரும்.’

பயிற்சி நிலைய மாணவருக்கு ‘-வும்’. அவர் வலஞ்சுழி, இடஞ்சுழி படித்தவர். பக்கத்தில் பயிற்றுநர் இருக்கிறார். படி எண்ணைப் பார்த்துப் பார்த்துச் செய்வார். அவருக்கு:

‘இடப்பக்க நட்டை வலஞ்சுழியாகத் திருப்பிக் கழற்றவும். இது இடது மரை.’

மாணவருக்கு வியங்கோள் ஏன் கூடாது என்று கேட்பீர்கள். பள்ளியிலிருந்து அவர் ‘-க’வைக் கேள்வித்தாளில் பார்த்தே வளர்ந்தவர். ‘விளக்குக’ என்றால் பேனாவை எடுப்பார். அதே நூலில் பயிற்சி வினாக்களும் வரும். அவற்றுக்கு ‘-க’ இருக்கட்டும். செய்முறைக்கு ‘-வும்’ இருக்கட்டும். ஒரே நூலுக்குள் பேனா வேலையையும் ஸ்பேனர் வேலையையும் வாலே பிரித்துக் காட்டிவிடும். பயிற்றுநர்கள் வாயால் ‘கழட்டு’ என்றுதான் சொல்வார்கள், சிலர் ‘கழட்டுடா’ என்றும். அது முகம் பார்த்துச் சொல்வது. கோவைப் பக்கம் அதையே ‘கழட்டுங்க’ என்று பையனிடமும் சொல்லும் பெரியவர்கள் உண்டு. அச்சில் ஒருமை வேண்டாம். அந்தப் புத்தகம் மாணவரிடமிருந்து அவர் அப்பா வயதுள்ள பிட்டர் கைக்கும் போகும். ‘பயிற்சியாளன் செய்வான்’ என்று எழுதிய பழைய நடையையும் விட்டுவிடலாம். பயிற்சி நிலையங்களில் பெண்களும் படிக்கிறார்கள். ‘-வும்’, ‘-உங்கள்’ இரண்டிலும் ஆண் பெண் இல்லை.

அனுபவப்பட்டவருக்கு வாலே தேவையில்லை. கல்லை எப்படிக் கழற்றுவது என்று அவருக்குப் பாடம் எடுத்தால் தாளை மூடிவிடுவார், மூடிய தாளில் அவருக்குத் தெரியாத ஒரு தகவலும் சேர்ந்து மூடப்படும். அவருக்கு வேண்டியது அளவும் விதிவிலக்கும்:

‘இடப்பக்க நட்டு: இடது மரை. டூல் ரெஸ்ட் இடைவெளி: 3 மில்லிமீட்டருக்குள். காகித வட்டம்: உரிக்கக் கூடாது.’

பாருங்கள், இதிலும் ‘கூடாது’ மட்டும் நிற்கிறது. மூன்று வாசகருக்கும் படிகளின் வால் மாறுகிறது. தடையின் வால் மாறவில்லை. மாறவும் கூடாது. ஒரு பட்டறையில் மூன்று தாளும் கிடக்கும். எந்தத் தாளை எடுத்தாலும் தடை ஒரே முகத்தோடு இருக்க வேண்டும்.

சரிபார்ப்புப் பட்டியலுக்கும் கட்டளை பொருந்தாது. டிக் அடிக்கும் கட்டத்துக்குப் பக்கத்தில் ‘மெயினை அணைக்கவும்’ என்று இருந்தால், அணைக்கச் சொன்னது தெரிந்தது என்பதற்கா டிக், அணைத்தேன் என்பதற்கா? ‘மெயின் அணைந்திருக்கிறது’, ‘கல் முழுதும் நின்றுவிட்டது’ என்று நடந்து முடிந்த நிலையாக எழுதுங்கள். பொய் டிக் அடிக்கக் கொஞ்சம் மனசு உறுத்தும்.

பொத்தான்களைப் பற்றி ஒரு வார்த்தை. ‘நிறுத்து’, ‘ஓட்டு’ என்று ஒருமையில் எழுதியிருப்பதைப் பார்த்து மரியாதைக் குறைவு என்று ‘நிறுத்தவும்’ ஆக்கிவிடுகிறார்கள். பொத்தானில் இயந்திரம் மனிதருக்குக் கட்டளை இடவில்லை. மனிதர்தான் இயந்திரத்துக்குக் கட்டளை இடுகிறார். இயந்திரத்துக்கு மரியாதை தேவையில்லை. சிறிய சொல் கண்ணில் சட்டென்று படும். ‘நிறுத்து’வே இருக்கட்டும். கையேட்டில் அந்தப் பொத்தானைக் குறிக்கும்போது மட்டும் மேற்கோளுக்குள் போடுங்கள்: ‘நிறுத்து’ பொத்தானை அழுத்தவும்.

எழுதி முடித்ததும் தாளை அறையில் உட்கார்ந்து படித்துத் திருத்தினால் இவை எதுவும் தெரியாது. மின்சாரம் துண்டித்த கிரைண்டர் முன் ஒருவரை நிறுத்துங்கள். இன்னொருவர் வரியைச் சத்தமாக வாசிக்கட்டும். நிற்பவர் கேட்டபடி செய்யட்டும். நீங்கள் கையை மட்டும் கவனியுங்கள். வாக்கியம் முடியுமுன் கை நகர்ந்தால் அங்கே தடை பின்னால் வருகிறது என்று பொருள். வாக்கியம் முடிந்தும் கை நகராவிட்டால் அது கட்டளையாகக் காதில் விழவில்லை. ‘இதை இப்போதே செய்யணுமா?’ என்று கேட்டால் எச்சமும் முற்றும் குழம்பியிருக்கிறது. வாசிக்கிறவர் எழுதியவராக இருக்கக் கூடாது. அவர் தன்னையறியாமல் குரலால் புள்ளி வைத்துவிடுவார்.

இவ்வளவையும் ஒரே நாளில் செய்ய முடியாது என்பது எனக்குத் தெரியும். பழைய கையேடுகள் ஏராளம், காலமோ குறைவு. ஒன்றை மட்டும் முதலில் செய்யுங்கள். அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகுமுன் கோப்பைத் திறந்து ‘வேண்டாம்’ என்ற சொல்லைத் தேடுங்கள். ஒவ்வொன்றையும் பட்டறை தெரிந்த ஒருவரிடம் காட்டி, இது தேவையில்லையா, கூடாதா என்று கேட்டு, இரண்டில் ஒன்றாக மாற்றுங்கள். அவருக்கும் பதில் தெரியாத இடத்தில் இயந்திரம் செய்தவரிடம் எழுதிக் கேளுங்கள். அதுவரை அந்தப் பக்கத்தை அச்சுக்கு அனுப்பாதீர்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவர்